இரண்டாவது கிளைக்கு இடம் தேர்வு: கட்டாயம், விருப்பம், பாதக விளைவு என்று மூன்று சல்லடையில் சலிப்பது எப்படி

முதல் கடை நன்றாக ஓடுகிறது என்றதும் தரகர்கள் தேடி வர ஆரம்பிப்பார்கள். "கார்னர் இடம் சார், நாளைக்கே வேறொருத்தர் அட்வான்ஸ் கொடுக்கிறார்" என்ற ஒரு வரியில் பல இரண்டாவது கிளைகள் முடிவாகிவிடுகின்றன. முதல் கடைக்கு இடம் பார்க்கும்போது இருந்த பயம் இப்போது இருக்காது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். பிடித்த இடத்தை முதலில் மனதில் முடிவு செய்துவிட்டு, அதற்கான காரணங்களைப் பிறகு தேடுவது இந்தக் கட்டத்தில்தான் அதிகம் நடக்கிறது.

இதைத் தடுக்க ஒரு பழைய முறை இருக்கிறது. சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரெகோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த முடிவுப் பகுப்பாய்வு அது. ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர்கள் 1958-இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கி இதைப் பரப்பினார்கள். கட்டாயத் தேவைகளில் தேறாத இடத்தை முதலில் தள்ளிவிட வேண்டும். தேறியவற்றை விருப்பத் தேவைகளை வைத்து ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டும். முன்னணியில் வருவனவற்றைப் பற்றி, "இதை எடுத்தால் என்ன கெடும்?" என்று தனியாகக் கேட்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்பதே இதில் முக்கியம்.

விளக்கத்துக்கு ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மதுரையில் 40 பேர் உட்காரும் சைவ டிபன் கடை. மாவு, சாம்பார், சட்னி எல்லாம் முதல் கடையின் சமையலறையில் தயாராகி இரண்டாவது கிளைக்குப் போகும். தோசையும் வடையும் காபியும் மட்டும் அங்கேயே போடப்படும். கீழே வரும் எண்கள் இந்தக் கடைக்கானவை. உங்கள் எண்களை நீங்களே எடுக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

எதை முடிவு செய்யப் போகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். "40 இருக்கை டிபன் கிளைக்கு, வரும் தை மாதத்துக்குள் திறக்கும்படி, மதுரை நகருக்குள் வாடகை இடம் தேர்ந்தெடுப்பது." இந்த வரியில் பல முடிவுகள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. இரண்டாவது கிளை வேண்டும், சொந்த இடம் வேண்டாம், வேறு ஊர் வேண்டாம், உரிமம் கொடுத்து வேறொருவரை நடத்தச் சொல்வதும் வேண்டாம். பங்குதாரர்களில் ஒருவருக்காவது இவற்றில் சம்மதம் இல்லையென்றால் இடம் பார்க்கவே போகாதீர்கள். பாதி தேர்வில், "இதுக்குப் பழைய கடை மாடியையே பெரிசு பண்ணலாமே" என்று யாராவது கேட்டால், அவர் வாயை அடைக்கக் கூடாது. இந்த வரியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

கட்டாயம்: எண்ணோடு இருந்தால்தான் கட்டாயம்

ஒரு தேவை கட்டாயமா என்று அறிய ஒரு கேள்வி போதும். மற்ற எல்லாம் அருமையாக அமைந்து, இது ஒன்று மட்டும் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுவீர்களா? ஆம் என்று தயங்காமல் வந்தால் கட்டாயம். "பார்க்கலாம்" என்று வந்தால் அது விருப்பம்.

கட்டாயத்துக்கு அளவு வேண்டும். "வாடகை நியாயமாக இருக்கணும்" என்பது கட்டாயம் ஆகாது, ஏனென்றால் ஆசைப்பட்ட இடத்தின் எந்த வாடகையும் நியாயமாகத்தான் தெரியும். நம் கடையின் கணக்கு இது. கிளையில் நாளுக்கு ₹20,000 விற்பனை என்று சற்றுக் குறைத்தே வைத்தால் 30 நாளுக்கு ₹6 லட்சம். அதில் 12 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போனால் இந்தக் கடைக்குக் கட்டாது என்பது முதல் கடையின் கணக்குப் புத்தகம் சொல்வது. ஆக, பராமரிப்புச் செலவு உட்பட மாத வாடகை ₹72,000-ஐத் தாண்டக் கூடாது. எல்லை இப்படி உங்கள் கணக்கிலிருந்து வர வேண்டும். அந்தத் தெருவில் என்ன வாடகை போகிறது என்பதிலிருந்து வரக் கூடாது.

இந்தக் கடைக்கு ஐந்து கட்டாயங்கள் போதும். வாடகை எல்லை ஒன்று. இரண்டாவது, தரைத் தளத்தில் 900 சதுர அடிக்குக் குறையாத உள்ளளவு, கூடவே வெளிச் சுவரை ஒட்டிக் காற்றோட்டமாக ஐந்து வணிக சிலிண்டர் வைக்க இடம். ஐந்து என்பதற்குக் காரணம் உண்டு. 100 கிலோ வரை சமையல் எரிவாயுவைத் தனி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து சேர்ந்தால் 95 கிலோ. மூன்றாவது, மும்முனை மின் இணைப்பு ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது திறப்புத் தேதிக்குள் கிடைக்கும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு உறுதியாகியிருக்க வேண்டும். நான்காவது, அதிகாலை 5 மணிக்கு முதல் கடையிலிருந்து கிளம்பும் வண்டி 40 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். ஐந்தாவது, உரிமையாளர் எல்லோரும் கையெழுத்திட்டு ஐந்து ஆண்டுக்குக் குத்தகையைப் பதிவு செய்து தர வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஆளாளுக்கு ஒரு கட்டாயம் சொல்லிப் பட்டியல் பன்னிரண்டு, பதினைந்து என்று வளர்ந்துவிட்டால் ஊரில் எந்த இடமும் தேறாது. கடைசியில் எரிச்சலில் பட்டியலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. ஒருவர் தனக்குப் பிடித்த இடத்தை மனதில் வைத்து, அந்த இடத்தில் மட்டுமே இருக்கும் ஒன்றைக் கட்டாயமாக்கிவிடுவார். "முகப்பு 22 அடி இருக்கணும்" என்று யாராவது அடித்துச் சொன்னால், 20 அடி ஏன் ஆகாது என்று கேளுங்கள். அதனால்தான் கட்டாயங்களையும் விருப்பங்களின் எடையையும் முதல் இடத்தைப் பார்க்கப் போகும் முன்பே எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும்.

நான்கு இடம், ஒன்று வாசலிலேயே திரும்புகிறது

தேடலில் நான்கு இடங்கள் கிடைத்தன என்று வைப்போம்: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரு பெரிய மருத்துவமனைக்கு எதிரே ஒன்று, குடியிருப்புப் பகுதியின் கடைத்தெருவில் ஒன்று, நாற்கரச் சாலை ஓரத்தில் ஒன்று.

நாற்கரச் சாலை இடம்தான் பார்த்ததும் எல்லோருக்கும் பிடிக்கும். 1,500 சதுர அடி, வாடகை ₹55,000, வண்டி நிறுத்தத் தாராளமாக இடம். ஆனால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் சொத்து இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், பாகப்பிரிவினை ஆகவில்லை. மூன்று வாரிசுகளில் இங்கே இருக்கும் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடத் தயார். "மத்த ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்கிறார். ஐந்தாவது கட்டாயம் விழுந்துவிட்டது.

இந்த இடத்துக்கு இனி மதிப்பெண் போடவே கூடாது. "சும்மா ஒப்பிட்டுப் பார்க்க" என்று போட்டால், அது முதல் இடத்தில் வந்து நின்று எல்லோர் மனதையும் கலைக்கும். மற்ற இருவரும் கையெழுத்திட்டு வந்தால் புது இடமாக மறுபடி உள்ளே வரட்டும்.

விருப்பம்: எடை முதலில், மதிப்பெண் பிறகு

மீதி மூன்றும் கட்டாயங்களைத் தாண்டின. இனி எது மேல் என்பது விருப்பங்களின் வேலை. மிக முக்கியமான விருப்பத்துக்கு 10 எடை கொடுத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு 1 வரை இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் 8, 9 என்று கொடுத்தால் எடை போட்டும் போடாத மாதிரிதான். ஏழெட்டு விருப்பங்களுக்கு மேல் வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருப்பதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எங்கே திறந்தாலும் அந்த முகவரிக்குத் தனியாக உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்க்க வேண்டும். இவை செய்ய வேண்டிய வேலைகள். இடத்துக்கு இடம் மாறாதவை என்பதால் தேர்வுக்கு உதவாது.

கட்டாயமாக இருந்த ஒன்று விருப்பத்திலும் வரலாம். வாடகை ₹72,000-ஐத் தாண்டக் கூடாது என்பது கட்டாயம். அதற்குள்ளும் குறைவாக இருந்தால் நல்லது என்பது விருப்பம்.

அதிகம் உழைக்க வேண்டிய இடம் நடமாட்டத்தை அளப்பது. பலரும் சாலையில் போகிறவர்களை எண்ணுகிறார்கள். அது ஏமாற்றும். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் ஆயிரம் பேர் கடந்தாலும் உட்கார்ந்து தோசை சாப்பிட மாட்டார்கள். அந்த இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் டிபன் கடைகளுக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணுங்கள். காலை 6 முதல் 10 வரை, மாலை 5 முதல் 9 வரை, இரண்டு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிறு. மூன்று நாளின் சராசரியை எடுங்கள். முகூர்த்த நாள், திருவிழா, மழை நாள் எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் எந்த மூலையில் நின்று எண்ணினாலும் அங்கே கடை போடத்தான் தோன்றும்.

நம் எண்ணிக்கை இப்படி வந்தது. காலையில் பேருந்து நிலையம் 500, மருத்துவமனை 400, குடியிருப்பு 200. மாலையில் பேருந்து நிலையம் 500, குடியிருப்பு 450, மருத்துவமனை 300. ஒவ்வொரு விருப்பத்திலும் சிறந்த இடத்துக்கு 10 கொடுங்கள். மற்றவற்றுக்கு அதோடு ஒப்பிட்டுக் கொடுங்கள். காலையில் 500-க்கு 10 என்றால் 400-க்கு 8, 200-க்கு 4. வாடகையில் கணக்கு தலைகீழ்: குறைந்த ₹48,000-க்கு 10, ₹60,000-க்கு 8, ₹72,000-க்கு 7 (சரியாகப் போட்டால் 6.7). ஒரே நேரத்தில் ஒரு விருப்பத்தை எடுத்து மூன்று இடத்துக்கும் போட வேண்டும். ஓர் இடத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் போட்டால், அந்த இடத்தின் மேல் இருக்கும் மொத்த அபிப்பிராயம் எல்லா மதிப்பெண்ணிலும் கசியும்.

| விருப்பம் | எடை | பேருந்து நிலையம் | மருத்துவமனை | குடியிருப்பு |
|---|---|---|---|---|
| காலை வாடிக்கை | 10 | 10 → 100 | 8 → 80 | 4 → 40 |
| மாலை வாடிக்கை | 7 | 10 → 70 | 6 → 42 | 9 → 63 |
| குறைந்த வாடகை | 7 | 7 → 49 | 8 → 56 | 10 → 70 |
| முதல் கடையின் கூட்டத்தை இழுக்காமை | 6 | 4 → 24 | 10 → 60 | 9 → 54 |
| வண்டி நிறுத்தம் | 5 | 2 → 10 | 6 → 30 | 10 → 50 |
| ஆட்கள் விடியற்காலை வந்து சேர்வது | 4 | 10 → 40 | 8 → 32 | 5 → 20 |
| சீக்கிரம் திறக்க முடிவது | 3 | 7 → 21 | 10 → 30 | 4 → 12 |
| மொத்தம் | | 314 | 330 | 309 |

நான்காவது வரிசையை முதல் கிளைக்கு இடம் தேடுகிறவர் யோசிக்கவே தேவையில்லை. இரண்டாவது கிளைக்கு அதுதான் தனிக் கவலை. பேருந்து நிலைய இடம் முதல் கடைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. புதுக் கிளையில் வரும் ₹20,000-இல் ₹5,000 பழைய கடையிலிருந்து நகர்ந்து வந்தது என்றால், உண்மையில் கூடியது ₹15,000தான். வாடகையும் சம்பளமும் மட்டும் இரட்டிப்பு. முதல் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வாரம், "எந்தப் பக்கத்திலிருந்து வர்றீங்க?" என்று கல்லாவில் கேட்டுக் குறித்தாலே இந்த மதிப்பெண்ணுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

அதிகபட்சம் 420. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி 21 மட்டுமே. 330 எடுத்ததால் மருத்துவமனை வென்றுவிட்டது என்று எழுந்துபோகக் கூடாது. எடையைச் சற்று அசைத்துப் பாருங்கள். காலை வாடிக்கைக்கு 10-க்குப் பதில் 8 வைத்தால் மருத்துவமனை 314, குடியிருப்பு 301, பேருந்து நிலையம் 294. முதலிடம் மாறவில்லை, இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன. ஆகவே பேருந்து நிலையமும் குடியிருப்பும் ஏறக்குறையச் சமம் என்றே கொள்ள வேண்டும். எடையை அசைப்பது முடிவு எவ்வளவு உறுதியானது என்று பார்க்கத்தான். பிடித்த இடம் முதலில் வரும்வரை அசைத்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. மூல எடைகளைத் தேதியோடு எழுதி வைத்தது அவர்களுக்காகத்தான்.

பாதக விளைவு: ஒவ்வோர் இடத்தையும் தனியாகச் சந்தேகிப்பது

இதுவரை இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். இனி ஒப்பீடு வேண்டாம். ஓர் இடத்தை மட்டும் எடுத்து, அதை வாடகைக்கு எடுத்து ஓராண்டு ஆகிக் கடையை மூட வேண்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்திருக்கும்? ஒவ்வொரு விளைவுக்கும் இரண்டு மதிப்பு: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி. அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலை போதும்.

இவற்றை எண்ணாக்கிப் பெருக்கி, விருப்ப மொத்தத்திலிருந்து கழிக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். பத்துச் சின்னத் தொல்லைகள் கூடி, கடையை மூடவைக்கும் ஒரே ஒரு ஆபத்துக்குச் சமமாகிவிடும். வாய்ப்பு அதிகம், அடியும் அதிகம் என்று ஒன்று இருந்தால் அது மட்டுமே ஓர் இடத்தைத் தள்ளப் போதும்.

என்ன கெடும் என்று தோன்றவில்லையென்றால் இரண்டு கேள்விகள் உதவும். எந்தக் கட்டாயத்தை இந்த இடம் மயிரிழையில் தாண்டியது? எந்தத் தகவலை நாமே சரிபார்க்காமல் பிறர் சொன்னபடி எடுத்துக்கொண்டோம்?

மருத்துவமனை இடத்தில் இரண்டாவது கேள்வி வேலை செய்தது. காலை 400 பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணும்போது யாரும் பார்க்கவில்லை. மறுபடி போய்ப் பார்த்தால் சுமார் 300 பேர் புறநோயாளிகளும் உடன் வந்தவர்களும். மருத்துவமனையின் பின்பக்கத் தெருவில் புதுக் கட்டடம் எழும்புகிறது. புறநோயாளிப் பிரிவு அங்கே போகப்போவதாகக் காவலாளி முதல் மருந்துக்கடைக்காரர் வரை ஒரே மாதிரி சொல்கிறார்கள். வாசல் மாறினால் காலையில் 100 பேர், மாலையிலும் 100 பேர்தான் மிஞ்சுவார்கள் என்று வைத்து அந்த இரண்டு வரிசையையும் மறுபடி போட்டால், இரண்டிலும் மதிப்பெண் 2. மொத்தம் 330-லிருந்து 242-க்கு விழுகிறது. வாய்ப்பு அதிகம், அடி அதிகம். ஆறு மாத முன்னறிவிப்பில் அட்வான்ஸ் இழக்காமல் வெளியேறலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அடி கொஞ்சம் குறையும், ஆனால் அடுப்பு மேடைக்கும் புகைபோக்கிக்கும் போட்ட பணம் திரும்பாது.

பேருந்து நிலைய இடம் முதல் கேள்வியில் சிக்குகிறது. வாடகை சரியாக ₹72,000, எல்லையின் மேல் நிற்கிறது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம் என்றால் இரண்டாம் ஆண்டே ₹75,600. விற்பனை அதே வேகத்தில் ஏறாவிட்டால் கட்டாயம் உடைந்துவிடும்: வாய்ப்பு நடுத்தரம், அடி நடுத்தரம். அதைவிடக் கவலை, காபிக் கவுன்டர் போட நினைத்த முன்பக்க ஐந்து அடி. அளந்து பார்த்தால் அது நடைபாதையில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்ற வரும் நாளில் அது போகும், காலை வியாபாரத்தின் முகமே அதுதான். வாய்ப்பு அதிகம், அடி நடுத்தரத்துக்கு மேல். முதல் கடையின் கூட்டம் இங்கே நகரும் என்பதை இங்கே மறுபடி எழுத வேண்டாம். அது விருப்பத்தில் ஏற்கெனவே மதிப்பெண் இழந்துவிட்டது. ஒரே குறையை இரண்டு இடத்தில் தண்டிப்பது பலருக்கும் தெரியாமலே நடக்கும்.

குடியிருப்பு இடத்தில் மாடியில் வீடுகள் இருக்கின்றன. தாளிப்புப் புகை பற்றிப் புகார் வர வாய்ப்பு அதிகம், அடி நடுத்தரம். ஆனால் இதற்குப் பரிகாரம் உண்டு: புகைபோக்கியை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோக உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் கூடுதல் செலவும். சம்மதம் கிடைத்துவிட்டால் வாய்ப்பு குறைவுக்கு இறங்கும். காலை வாடிக்கை 200தான் என்பது பலவீனம்தான், அதுவும் ஏற்கெனவே மதிப்பெண்ணில் வந்துவிட்டது.

இந்த நிலையில் 309 எடுத்த இடத்தை எடுப்பதே சரி. 330-இல் இருந்த இடத்தின் எண்ணிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. 314-க்கும் 309-க்கும் உள்ள ஐந்து புள்ளி, எண்ணும்போது வரும் பிழைக்குள் அடங்கும். மிஞ்சும் ஆபத்தைக் கையால் சரிசெய்ய முடிவது குடியிருப்பு இடத்தில் மட்டும்தான். எல்லா இடத்திலும் சரிசெய்ய முடியாத ஆபத்து வந்திருந்தால், மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தாவது இடம் தேடலாம். இருப்பதில் ஒன்றை எடுத்தே தீர வேண்டும் என்று இந்த முறை சொல்லவில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

டோக்கன் தொகையோடு ஒரு நிபந்தனைக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். புகைபோக்கிச் சம்மதம் எழுத்தில், மும்முனை இணைப்பு உறுதி, ஐந்தாண்டுக் குத்தகைப் பதிவு என்ற மூன்றும் 30 நாளுக்குள் நடக்காவிட்டால் டோக்கன் திரும்பும் என்று அதில் இருக்கட்டும். பதிவு செய்த குத்தகை இருந்தால், உரிமையாளர் கட்டடத்தை விற்றாலும் வாங்குகிறவர் அதற்குக் கட்டுப்பட்டவர். வெறும் 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகிறவருக்கு ஐந்தாண்டுக்கு அந்த உறுதி இல்லை.

அந்த 30 நாளில் பேருந்து நிலைய உரிமையாளரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டாம். குடியிருப்பு இடத்தில் புகைபோக்கிக்குச் சம்மதம் கிடைக்காமல் போனால், நடைபாதை ஐந்து அடியை விட்டுவிட்டுக் காபிக் கவுன்டரைக் கடைக்குள்ளேயே வைத்து வாடகையை ₹65,000-க்குப் பேச முடியுமா என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் வாடகை, காலை வாடிக்கை ஆகிய இரண்டு வரிசையையும் பாதக விளைவுகளையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். நுழைகிறவர்களை எண்ணிய தாள்களையும் எறியாதீர்கள். கிளை திறந்த மூன்றாம் மாதத்தில் உண்மையான பில் எண்ணிக்கையோடு அவற்றை ஒப்பிட்டால், பக்கத்துக் கடைக் கூட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு உங்களிடம் வந்தது என்பது தெரியும். மூன்றாவது இடம் தேடும்போது ₹20,000 என்ற ஊகத்துக்குப் பதிலாக அந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போடலாம்.